கழுத்தை விழுங்கும் காலர்

*ஐயா, மயிலாடுதுறையில் மருந்து நிறுவனப் பிரதிநிதியாக வேலை பார்க்கிறேன். வயது 29, உயரம் 5 அடி 5 அங்குலம். வட்ட முகம், குட்டைக் கழுத்து. டேப் வைத்துப் பார்த்தால் கழுத்து 16½ அங்குலம். போடுவது 40 சைஸ் ரெடிமேட் சட்டை. வேலைக்குத் தினமும் டை கட்ட வேண்டும். மேலாளர் சொல்லிக்கொடுத்த ஃபுல் வின்ட்சர் முடிச்சைத்தான் போடுகிறேன். சின்ன முடிச்சுப் போட்டால் டை பெல்ட்டைத் தாண்டி இரண்டு அங்குலம் தொங்குகிறது. அடையாள அட்டைப் படத்தில் தலையைத் தூக்கித் தோளில் வைத்தாற்போல இருக்கிறேன். ஆவணியில் திருமணம். வரவேற்புக்குக் கோட்டு. அகல விரிந்த காலர்தான் எடுப்பாக இருக்கும் என்கிறார் கடைக்காரர். பெண்ணுக்கு எடுக்கும் திருபுவனம் பட்டிலேயே டை தைக்கலாம் என்கிறார்கள் வீட்டில். எனக்கு எந்தக் காலர், எந்த முடிச்சு பொருந்தும்?*

தம்பி, வடிவத்துக்கும் முடிச்சுக்கும் போவதற்கு முன்னால், நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். சட்டையில் 40 என்று அச்சிட்டிருப்பதை மார்பளவு என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊர் ரெடிமேட் முழுக்கைச் சட்டைகளில் போடும் 38, 39, 40, 42, 44 எல்லாம் பெரும்பாலும் காலரின் சுற்றளவு, சென்டிமீட்டரில். 40 சென்டிமீட்டர் என்றால் 15¾ அங்குலம். உங்கள் கழுத்தோ 16½. முக்கால் அங்குலம் சின்னதான வளையத்துக்குள் கழுத்தைத் திணித்து, மேல் பொத்தானையும் போட்டு, அதன் மேல் டையையும் இறுக்குகிறீர்கள். உள்ளே இடமில்லாத சதை மேலே பிதுங்கித் தாடைக்கு அடியில் வந்து உட்காருகிறது. படத்தில் நீங்கள் பார்த்த குட்டைக் கழுத்தில் பாதி இந்தச் சட்டை செய்த வேலை.

கண்ணாடி முன் நின்றாலே இது தெரியும். டை இல்லாமல் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு பாருங்கள். பொத்தானிலிருந்து இரு பக்கமும் துணி இழுத்துக்கொண்டு சின்னச் சின்னக் கோடுகள் ஓடினால் காலர் பிடிக்கிறது. எச்சில் விழுங்கும்போது உறுத்தினாலும் அதேதான். காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு விரல் சிரமமில்லாமல் நுழைய வேண்டும். அளவாகச் சொன்னால் கழுத்தின் சுற்றளவோடு அரை அங்குலம் கூட்ட வேண்டும். உங்களுக்கு 17. அதைவிடத் தாராளமாக விட்டாலும் வம்புதான்: டையை இழுத்ததும் காலர் சுருங்கி முடிச்சுக்கு அடியில் மடிந்துகொள்ளும், பக்கவாட்டில் கழுத்துக்கும் துணிக்கும் நடுவே இருட்டாக ஒரு சந்து தெரியும்.

இந்த 17 அங்குலம் கிட்டத்தட்ட 43 சென்டிமீட்டர். ரெடிமேடில் 42க்கு அடுத்து நேராக 44க்குத் தாவிவிடுவதுதான் வழக்கம். 44 எடுத்தால் தோள் இறங்கிவிடும், கை நீண்டுவிடும். எனவே வரவேற்புச் சட்டையையாவது தைத்துக்கொள்ளுங்கள். தூய பருத்தியாக இருந்தால் வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைக்கச் சொல்லுங்கள். பருத்தி முதல் சலவையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சுருங்குவது சாதாரணம். 17 அங்குலக் காலரில் அது கால் அங்குலத்தைத் தாண்டும், விட்ட அரை அங்குலத்தில் பாதிக்கு மேல் தின்றுவிடும்.

அடுத்து உயரம். காலரில் இரண்டு பகுதி உண்டு. கழுத்தைச் சுற்றி நிற்கும் பட்டை ஒன்று, தையல்காரர்கள் இதைப் பேண்டு என்பார்கள். அதன் மேலிருந்து மடிந்து விழும் மேல் காலர் மற்றொன்று. கடைக்காரர்கள் காட்டுவதும் வாங்குபவர்கள் பார்ப்பதும் மேல் காலரைத்தான். குட்டைக் கழுத்துக்காரருக்கு முக்கியம் அந்தப் பேண்டு. கோட்டுக்கென்று தைக்கும் சட்டைகளில் அது பின்கழுத்தில் ஒன்றரை அங்குலம், முன்னால் ஓர் அங்குலத்துக்கு மேல் என்று நிமிர்ந்து நிற்கும். நீண்ட கழுத்துக்கு அது அழகு. உங்களுக்குக் காது மடலுக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கும் கொஞ்ச இடத்தையும் அது மூடிவிடும்.

பின்னால் 1¼, முன்னால் முக்கால் அங்குலம் என்று பேண்டு வெட்டச் சொல்லுங்கள். முன்பக்கம்தான் அதிகம் குறைய வேண்டும், ஏனென்றால் எதிரில் நிற்பவர் கண்ணில் படுவது அதுதான். பின்பக்கத்தை அதற்கு மேல் இறக்கக் கூடாது. கோட்டின் காலருக்கு மேலே சட்டைக் காலர் அரை அங்குலம் வெளியே தெரிய வேண்டும். பேண்டை ஒரேயடியாகக் குறைத்தால் சட்டை கோட்டுக்குள் மூழ்கிப் போகும், கோட்டு நேராகக் கழுத்துத் தோலில் உரசும். மேல் காலர் பின்னால் 1¾ அங்குலமாவது இருக்கட்டும். பேண்டை மூடி, கழுத்தைச் சுற்றிய டையையும் மூடி, கொஞ்சம் கீழே இறங்குவதற்கு அந்த அரை அங்குல மிச்சம் வேண்டும்.

அனுபவமுள்ள தையல்காரரிடம் இன்னொன்றும் கேட்கலாம். முன் கழுத்து இறக்கத்தை இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், கூடுதலாக வெட்டச் சொல்லுங்கள். பொத்தான் போடும் இடமே தொண்டைக் குழிக்குப் பக்கமாக இறங்கிவிடும். முடிச்சும் கூடவே இறங்கும், தாடைக்கும் முடிச்சுக்கும் நடுவே தோல் தெரியும். அந்தக் கால் அங்குலம் கண்ணுக்குப் பெரிதாகப் படும். ஒரு நிபந்தனை உண்டு. கழுத்து வெட்டு இறங்கினால் அதன் சுற்றும் நீளும். பேண்டை அதற்கேற்ப அளந்து மறுபடி வரைந்து வெட்ட வேண்டும். பழைய பேண்டு அச்சை அப்படியே வைத்துத் தைத்தால் துணியை இழுத்துப் பிடித்துத் தைத்ததுபோல முன்னால் சுருக்கம் விழும்.

இனி மேல் காலரின் வடிவம். வட்ட முகத்தில் அகலமும் நீளமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும், தாடை வளைந்து முடியும். அந்த வளைவுக்கு நேர் அடியில் இருப்பது காலர். அதன் இரண்டு விளிம்புகளும் கீழ்நோக்கிச் சாய்ந்து இறங்கினால் பார்ப்பவர் கண்ணும் கூடவே இறங்கும், முகத்துக்கு நீளம் கூடியதுபோல இருக்கும். விளிம்புகள் பக்கவாட்டில் ஓடினால் கண்ணும் அகலவாட்டில் ஓடும். உங்கள் கடைக்காரர் எடுப்பு என்று சொல்லும் கட்அவே காலரில் முனைகள் ஏறக்குறைய தோள்பக்கம் பார்த்து நிற்கும். ஒடுங்கிய, நீண்ட முகத்துக்கு அது அகலம் கொடுக்கும். உங்கள் தாடைக்கு அடியில் அது குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடும்.

உங்களுக்கு வேண்டியது முனை நீண்ட பாயின்ட் காலர். பொத்தானிலிருந்து முனை வரை 3 அங்குலம், பொத்தான் போட்ட நிலையில் முனைக்கு முனை 3 முதல் 3½ அங்குலம். இதற்கு மேல் ஒடுக்க வேண்டாம். ஒடுங்கிய காலர் நல்லது என்று கேள்விப்பட்டு இரண்டு அங்குல இடைவெளியில் தைத்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. பருத்த கழுத்தில் மேல் காலர் எப்படியும் வெளியே தள்ளப்படும். இடைவெளியும் இல்லாவிட்டால் முனைகள் மார்பில் படியாமல் அந்தரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கும். முனைகளின் நுனி சட்டைமேல் தொட்டு நிற்க வேண்டும், கோட்டைப் போட்டால் அதன் முன்மடிப்பான லேப்பலுக்கு அடியில் போய் மறைய வேண்டும். காலரின் அடிப்பக்கம் பிளாஸ்டிக் பட்டை செருகச் சின்னப் பை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். ஆவணிப் புழுக்கத்தில் மண்டபத்து விளக்கு வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம் நின்றால் காலருக்குள் விறைப்புக்கு வைக்கும் எந்தக் கேன்வாஸும் தளரும், நீண்ட முனைதான் முதலில் சுருளும்.

முனை வளைந்த கிளப் காலர், இரண்டே அங்குல முனையுள்ள சின்னக் காலர் இரண்டையும் ஒதுக்கிவிடுங்கள். வளைவுக்கு அடியில் இன்னொரு வளைவு எதற்கு? முனையில் பொத்தான் வைத்த காலர் டை இல்லாத நாளுக்குப் போதும். மடிப்பில்லாமல் கழுத்தைச் சுற்றி நிற்கும் சீனக் காலர் குட்டைக் கழுத்துக்குப் பகை.

முடிச்சுக்கு வருவோம். கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர்கள் தாமஸ் ஃபிங்க், யோங் மாவ் இருவரும் 1999இல் கணக்குப் போட்டு, டையை 85 விதமாகக் கட்டலாம் என்று காட்டினார்கள். உங்களுக்கு அவற்றில் இரண்டு போதும். மேலாளர் சொல்லிக்கொடுத்த ஃபுல் வின்ட்சர் அந்த இரண்டில் இல்லை. அது இருபுறமும் ஒவ்வொரு சுற்றுச் சுற்றி வருவதால் அகலமான முக்கோணமாக நிற்கும். பாயின்ட் காலரின் நடுவில் அதற்கு இடம் போதாது, முனைகளை இரண்டு பக்கமும் தள்ளும். நீங்கள் தேடி வாங்கிய ஒடுங்கிய காலரை முடிச்சே கட்அவே காலராக மாற்றிவிடும். இதில் ஒரு வேடிக்கை: 1936இல் பிரிட்டிஷ் அரியணையைத் துறந்து வின்ட்சர் கோமகன் ஆன எட்டாம் எட்வர்டு இந்த முடிச்சைக் கட்டியவர் இல்லை. தடித்த உள்துணி வைத்துத் தைத்த டையில் சாதாரண முடிச்சைத்தான் கட்டினார். அந்தப் பருமனைப் பார்த்து மற்றவர்கள் கண்டுபிடித்ததுதான் அவர் பெயரில் நடமாடுகிறது.

அந்தச் சாதாரண முடிச்சுக்கு ஃபோர்-இன்-ஹேண்ட் என்று பெயர். அகல முனையைக் குறுகிய முனையின் மேலே குறுக்கே போட்டு, பின்னால் சுற்றி, மறுபடி முன்னால் கொண்டுவந்து, கழுத்து வளையத்துக்குள் அடியிலிருந்து மேலே எடுத்து, முன்னால் விழுந்திருக்கும் சுற்றுக்குள் கீழே இறக்கினால் ஆயிற்று. முடிச்சு ஒடுக்கமாக, நீளவாக்கில், சற்று ஒரு பக்கம் சாய்ந்து வரும். அந்தச் சாய்வைச் சரிசெய்யாதீர்கள். வட்ட முகத்துக்கு நேர் அடியில் அச்சுப்போல இருபுறமும் ஒத்த முக்கோணம் இருந்தால் முகத்தின் வட்டம்தான் இன்னும் எடுத்துத் தெரியும்.

உங்கள் மேலாளர் மேல் முழுப் பழியையும் போட முடியாது. ஃபுல் வின்ட்சர் மூன்று நான்கு அங்குல டையைக் கூடுதலாக விழுங்கும். டை பெல்ட்டுக்குக் கீழே தொங்குகிறதே என்று அதைச் சொல்லிக்கொடுத்திருப்பார். கடையில் விற்கும் டைகள் பொதுவாக 57, 58 அங்குல நீளம். 5 அடி 5 அங்குல உயரத்துக்கு அது கூடுதல். டையின் நுனி பெல்ட்டுக் கொக்கியின் நடுவில் வந்து நிற்க வேண்டும். அகல முனையை மேலே ஏற்றிக் கட்டினால் குறுகிய முனை கீழே இறங்கி எட்டிப் பார்க்கும். எனவே இரண்டாவது முடிச்சு உங்களுக்குத் தேவைப்படுகிறது.

அதற்கு இளவரசர் ஆல்பர்ட் முடிச்சு என்று பெயர். முதல் முடிச்சோடு ஒரே ஒரு சுற்றுக் கூடுதல். அகல முனையை முன்னால் போட்டு, பின்னால் எடுத்து, முன்னால், மறுபடி பின்னால், மறுபடி முன்னால் என்று முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். பிறகு கழுத்து வளையத்தின் வழியே மேலே எடுத்து, முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரண்டு சுற்றுக்குள்ளும் சேர்த்து நுழைத்து இறக்குங்கள். மேல் சுற்றுக்குள் மட்டும் நுழைத்தால் முடிச்சு உருண்டு கட்டையாக வரும். இரண்டுக்குள்ளும் போனால்தான் நீளமாக நிற்கும். இறுக்கும்போது உள் சுற்றின் விளிம்பு ஒரு நூல் அளவுக்குக் கீழே தெரிந்தால் சரியாகக் கட்டியிருக்கிறீர்கள். உங்களுக்கு மிஞ்சும் இரண்டு அங்குலத்தில் பெரும்பகுதி அந்தக் கூடுதல் சுற்றில் போய்விடும், முடிச்சோ அகலப்படாமல் நீளத்தில் வளரும். மெல்லிய டையில்தான் இது எடுபடும். தடித்த டையில் இரண்டு சுற்றுச் சுற்றினால் மறுபடியும் உருண்டைதான்.

எந்த முடிச்சானாலும் கடைசியாக இறுக்கும்போது அகல முனையின் நடுவில் சுட்டுவிரலை வைத்து அழுத்தி, இரு ஓரங்களையும் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் சேர்த்துப் பிடித்தபடி முடிச்சை மேலே ஏற்றுங்கள். முடிச்சுக்கு அடியில் நேராக ஒரு பள்ளம் விழும். நெஞ்சின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு நிழல்கோடு கிடைக்கும். வட்ட முகக்காரருக்கு இலவசமாகக் கிடைக்கும் நீளம் அது.

முடிச்சு சின்னதாக வேண்டும் என்றதும் ஒடுக்கமான டையைத் தேடிப் போய்விடாதீர்கள். பெரிய முகத்துக்கும் பருத்த மார்புக்கும் நடுவில் இரண்டு அங்குல டை நாடாவைப்போலத் தொங்கி மற்றதையெல்லாம் இன்னும் பெரிதாகக் காட்டும். அகல முனை 3 முதல் 3¼ அங்குலம் இருக்கட்டும். முடிச்சின் ஒடுக்கம் கட்டும் விதத்தில் வர வேண்டும்.

இப்போது திருபுவனம் பட்டு. ஆசை நல்ல ஆசை. முதலில், மணமகளின் ரவிக்கைத் துணியில் கை வைக்காதீர்கள், கல்யாணத்துக்கு முன்பே வழக்கு வேண்டாம். சேலை எடுக்கும் கடையிலேயே அதே நிறத்தில் சரிகை இல்லாத வெற்றுப் பட்டு தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். சரிகைக் கரையை டையாக்கச் சொல்லும் அத்தைகளுக்குச் சிரித்துவிட்டு வாருங்கள். சரிகை மடியாது. மடக்கினால் விறைத்துக்கொண்டு நிற்கும், எந்த முடிச்சும் வின்ட்சரைவிடப் பெரிதாகிவிடும், பள்ளமும் விழாது.

டையை நேர் இழையில் வெட்டக் கூடாது. துணியை 45 டிகிரி சாய்த்து வெட்ட வேண்டும். பாவும் ஊடையும் குறுக்காக ஓடும்போதுதான் டை இழுபட்டு மறுபடி பழைய நிலைக்கு வரும், முடிச்சு சுருளாமல் படியும். சாய்த்து வெட்டினால் ஒரே துண்டில் முழு நீளம் வராது. இரண்டு மூன்று துண்டாக வெட்டி, கழுத்துக்குப் பின்னால் வரும் இடத்தில் இணைப்பார்கள். உங்களுக்காகவே தைப்பதால் 58 அங்குலம் எதற்கு? 55இல் தைத்தால் ஃபோர்-இன்-ஹேண்டே கொக்கியில் வந்து நிற்கும், இரண்டு சுற்றுத் தேவைப்படாது. உள்ளே சட்டைக் காலருக்குப் போடும் பசைக் கேன்வாஸ் வைக்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்லுங்கள். மெல்லிய, மிருதுவான உள்துணி போதும். தைத்து வந்ததும் குறுகிய முனையைப் பிடித்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். நேராகத் தொங்கினால் வெட்டு சரி. தானாக முறுக்கிக்கொண்டு திரும்பினால் இழை தவறியிருக்கிறது, கட்டும்போதெல்லாம் அது அப்படித்தான் திரும்பும்.

கோட்டைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, ஆனாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது. தோளில் வைக்கும் பஞ்சுப் பட்டை தடித்திருந்தால் தோள் காதுப்பக்கம் ஏறும். காலரில் கால் அங்குலம் கால் அங்குலமாக மீட்ட கழுத்தை அது ஒரே மூச்சில் தின்றுவிடும். வாடகைக் கோட்டுகளில் பெரும்பாலும் இந்தத் தடித்த பட்டைதான் இருக்கிறது, யார் தோளுக்கும் நிற்க வேண்டும் என்று வைப்பது. எடுப்பதாக இருந்தால் தோள்பட்டையை விரலால் அமுக்கிப் பாருங்கள். தைப்பதாக இருந்தால் மிக மெல்லிய பட்டை, இரண்டு பொத்தான், மேல் பொத்தான் தொப்புளுக்குச் சற்று மேலே. அப்போதுதான் முன் திறப்பு ஆழமாக இறங்கும். சட்டையை முதல் பார்வைக்குப் போட்டுப் பார்க்கப் போகும்போது கோட்டையும் டையையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். காலரைத் தனியாகப் பார்த்து முடிவு செய்ய முடியாது.

வேலை நாட்களில் மருத்துவரைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் டையைக் கழற்றி மேல் பொத்தானைத் திறந்துவிடுங்கள். வண்டியில் அடுத்த ஊர் போய்ச் சேரும் வரை காலர் வியர்வையில் ஊறாமல் இருக்கும். திறந்த காலரின் கூரான இறக்கம் குட்டைக் கழுத்துக்கு எந்த முடிச்சையும்விட நல்லது. உள்ளே வட்டக் கழுத்துப் பனியன் எட்டிப் பார்க்காமல், கூர்க்கழுத்துப் பனியனாகப் பார்த்து வாங்குங்கள்.

வரவேற்பன்று பூமாலை விஷயத்திலும் கொஞ்சம் கவனம் வேண்டும். நம் பக்கத்து ரோஜா மாலை சரத்துக்கு மேல் சரமாகத் தடித்துக் கழுத்தை ஒட்டி உட்காரும். காலர், முடிச்சு, கழுத்து மூன்றும் அதற்குள் போய்விடும். பூக்கடையில் கழுத்துப் பகுதியை மெலிதாகக் கட்டச் சொன்னால் கட்டித் தருவார்கள். கோட்டோடு தனியாக எடுக்க வேண்டிய படங்களை மாலை போடுவதற்கு முன்பே எடுத்துவிடும்படி புகைப்படக்காரரிடம் முந்தைய நாளே சொல்லி வையுங்கள்.